மழைக்காலத் தங்கல் சலுகை: ஸ்பா கிரெடிட்டை எழுதும்போது செய்யும் தவறுகள்

மழைக்காலச் சலுகையில் விருந்தினர் அறை வாடகைக்காகச் சண்டை போடுவது குறைவு. செக்-அவுட் நேரத்தில் ஸ்பா பில் கைக்கு வரும்போதுதான் குரல் உயரும். அதற்கான விதை "2 இரவு தங்கினால் 3,000 ஸ்பா கிரெடிட்" என்ற வரியிலேயே இருக்கிறது. அந்த 3,000 ஆளுக்கா, அறைக்கா? இரவுக்கா, தங்கும் காலம் முழுவதற்குமா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 நிமிட மசாஜ் ஒருவருக்கு 2,500, வரி 10% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 3,000 என்று நினைத்த தம்பதி இருவரும் மசாஜ் எடுக்கிறார்கள். மொத்தம் 5,000. விடுதியோ அறைக்கு ஒரு முறைதான் என்கிறது. கழித்தால் 2,000 பாக்கி, முழுத் தொகைக்கும் வரி 500. இலவசம் என்று நம்பியவர்கள் 2,500 கட்ட வேண்டும். ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

சலுகை வரியை இப்படி எழுதியிருந்தால் போதும்: "ஒரு அறைக்கு, தங்கும் காலம் முழுவதற்கும் சேர்த்து 3,000 ஸ்பா கிரெடிட். 60 நிமிட மசாஜ் ஒருவருக்கு 2,500, வரி தனி. மீதி பணமாகத் திரும்பாது, செக்-அவுட்டோடு முடிந்துவிடும்." கிரெடிட் எதற்குப் போதும் என்பது தெரிய, சிகிச்சையின் விலையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதை நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள்.

அடுத்த தவறு, இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே வாக்குக் கொடுப்பது. மழை நாளில் எல்லோரும் உள்ளேயே இருப்பார்கள். மதியத்துக்கு மேல் ஸ்பா நிரம்பிவிடும். 2 தெரபிஸ்டுகள், காலை 10 முதல் இரவு 8 வரை வேலை, சுத்தம் செய்வதையும் சேர்த்து ஒரு மசாஜுக்கு 75 நிமிடம் என்றால், சாப்பாட்டு நேரம் போக ஆளுக்கு 7 பேரைத்தான் பார்க்க முடியும். ஒரு நாளைக்கு 14 பேர். ஒரே வார இறுதியில் 20 அறைகளை விற்றுவிட்டு இரண்டு நாளில் 40 பேரையும் அனுப்ப நினைத்தால், 12 பேருக்கு நேரமே கிடைக்காது. "முன்பதிவைப் பொறுத்து" என்ற வரி இங்கே விடுதியைக் காப்பாற்றாது. அறை பதிவு செய்யும்போதே ஸ்பா நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடம் தீர்ந்தால் அந்தத் தேதிக்குச் சலுகையை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் மழை. இடி மின்னலின்போது நீச்சல் குளம் மூடப்படும், மலைப்பாதை நடை ரத்தாகலாம். இதையும் மேலேயே சொல்லுங்கள். முக்கியமாக, சாலை அடைபட்டு விருந்தினரால் வரவே முடியாவிட்டால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவீர்களா என்பது ஒரு வரியில் தெளிவாக இருக்கட்டும்.