சீன மொழியில் ஒரு நலவாழ்வு வினாத்தாள்: மீள்மொழிபெயர்ப்பால் சரிபார்ப்பது எப்படி?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு நலவாழ்வு வினாத்தாளைச் சீன மொழி பேசும் நோயாளிகளிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் ஆய்வுக்குப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்குச் சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மூலத்தைப் பார்த்திராத வேறொருவரிடம் சீனப் பிரதியைக் கொடுத்து, அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, வந்ததை மூலத்தோடு ஒப்பிடுவதுதான் அது. இதையே மீள்மொழிபெயர்ப்பு என்கிறோம். நானும் சீனம் படிக்கத் தெரியாமலே இந்த வேலையை ஒருங்கிணைப்பவன் என்பதால், அந்த இடத்திலிருந்தே படிகளை விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு மூன்று கேள்விகள் போதும். முதல் கேள்வி: நீங்கள் எப்போதாவது புகைபிடித்ததுண்டா? இரண்டாவது: உங்கள் தாய், உடன்பிறந்த சகோதரி, ஆன்ட்டி ஆகியோரில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா? மூன்றாவது: கடந்த 2 வாரங்களில் ஸ்டமக் வலி எத்தனை நாட்கள் இருந்தது? மூன்றாவது கேள்விக்கு, மனச்சோர்வை அளவிடும் பி.எச்.கியூ-9 வினாத்தாளில் இருப்பதைப் போலவே, ‘இல்லவே இல்லை’, ‘பல நாட்கள்’, ‘பாதி நாட்களுக்கு மேல்’, ‘ஏறத்தாழ ஒவ்வொரு நாளும்’ என்று நான்கு விடைகள் உள்ளன.

முதல் படி: மூலத்துக்குக் குறிப்பு எழுதுங்கள்

மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே, ஒவ்வொரு கேள்வியும் எதை அறிய விரும்புகிறது என்று ஓரிரு வரிகளில் எழுதி வைக்க வேண்டும். வினாத்தாளை உருவாக்கிய மருத்துவரிடம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது. ஆனால் பலரும் இதைத் தவிர்த்துவிட்டு, பின்னால் ஒப்பிடும்போது எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்று தெரியாமல் திணறுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில், ‘ஆன்ட்டி என்றால் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் இரத்த உறவுள்ளவர்கள், திருமணத்தால் வந்தவர்கள் சேர்த்தியில்லை’ என்றும், ‘ஸ்டமக் வலி என்றால் வயிற்றில் எங்கு வலித்தாலும் கணக்கு’ என்றும் மருத்துவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம்.

எந்த ஊர்ச் சீனர்களுக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சீனாவிலும் சிங்கப்பூரிலும் எளிமையாக்கப்பட்ட எழுத்து வழங்குகிறது; தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு எழுத்து வழங்குகிறது. இடத்துக்கு இடம் சொற்களும் மாறும். தவறான எழுத்து வடிவில் அச்சிட்டுவிட்டால் மீள்மொழிபெயர்ப்பு அதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இரண்டு எழுத்திலிருந்தும் ஒரே ஆங்கில வாக்கியம்தான் திரும்பி வரும்.

இரண்டாம் படி: சீனத்துக்குக் கொண்டுபோவது

சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் ஒருவர் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே பிரதியாக்குவதே வழக்கமான முறை. முதல் படியில் எழுதிய குறிப்புகளை இவர்களிடம் கட்டாயம் கொடுங்கள்.

மூன்றாம் படி: மீள்மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்வது

அவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவும் சீனத்தை நன்கு அறிந்தவராகவும் இருக்க வேண்டும். மூலத்தையோ உங்கள் குறிப்புகளையோ பார்த்திருக்கக் கூடாது. மருத்துவத்துறைப் பழக்கம் இல்லாதவராக இருப்பது இன்னும் நல்லது. ‘இது இன்ன வினாத்தாள்போல இருக்கிறதே’ என்று அடையாளம் கண்டுகொள்பவர், தாளில் உள்ளதை விட்டுவிட்டுத் தம் நினைவில் உள்ளதை எழுதிக் கொடுத்துவிடுவார். பி.எச்.கியூ-9 போன்ற பரவலான தாள்களில் இந்த ஆபத்து மிக அதிகம்.

அவருக்கு நான் எழுதியனுப்பும் அறிவுரை நான்கே வரிகள்தான். தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வருமானால் இரண்டையும் எழுதுங்கள். சீனர் யாரும் இப்படிப் பேசமாட்டார் என்று தோன்றும் இடத்தில் ஒரு குறி இடுங்கள். உறவுமுறை, உடலுறுப்பு, கால அளவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல், அது யாரை அல்லது எதைக் குறிக்கும் என்று விளக்கி எழுதுங்கள்.

இந்தக் கடைசி வரியைத் தாள் முழுவதற்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட கேள்வியைச் சுட்டிவிட்டால் அவர் மூலத்தை ஊகிக்கத் தொடங்கிவிடுவார். அது ஏன் தேவை என்பது அடுத்த படியில் விளங்கும்.

நான்காம் படி: ஒப்பிடுவது

ஒரு விரிதாளில் மூலம், சீனப் பிரதி, மீள்மொழிபெயர்ப்பு, முடிவு, காரணம் என்று ஐந்து பத்திகள் போடுங்கள். இரண்டு ஆங்கிலப் பிரதிகளின் சொற்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தால் நேரம்தான் வீணாகும். மூலத்தைப் படித்து ஒருவர் எந்த விடையைக் குறிப்பாரோ, மீள்மொழிபெயர்ப்பைப் படித்தாலும் அதே விடையைத்தான் குறிப்பாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முதல் கேள்வி ‘நீங்கள் புகைபிடிக்கிறீர்களா?’ என்று திரும்பி வந்தது என்று கொள்வோம். பத்து ஆண்டுகளுக்கு முன் புகைப்பதை நிறுத்திய ஒருவர் மூலத்துக்கு ‘ஆம்’ என்பார், இதற்கு ‘இல்லை’ என்பார். ஆகவே இது உண்மையான பிழை. சீன மொழியில் வினைச்சொல் காலம் காட்டி மாறுவதில்லை. அனுபவத்தைச் சொல்ல வினைக்குப் பின் ‘குவோ’ என்ற ஓர் இடைச்சொல்லைச் சேர்க்க வேண்டும், அது இங்கே விடுபட்டிருக்கிறது. இத்தகைய பிழைகளைப் பிடிப்பதில் மீள்மொழிபெயர்ப்புக்கு நிகரில்லை.

மூன்றாவது கேள்வி ‘அடிவயிறு உட்பட வயிற்றில் வலி’ என்று வந்தது. சொல் மாறியிருக்கிறது, ஆனால் பிழை இல்லை. ஆங்கிலத்தின் ‘ஸ்டமக்’ இரைப்பையையும் குறிக்கும், வயிறு முழுவதையும் குறிக்கும். சீனத்தில் இரைப்பைக்கு ‘வெய்’ என்றும் வயிற்றுக்கு ‘தூட்ஸ’ என்றும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால், மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மருத்துவரின் குறிப்பைப் படித்து அவர் ‘தூட்ஸ’ என்று எழுதியிருக்கிறார், அது சரியே. குறிப்பு இல்லாமல் இருந்திருந்தால், சரியாக இருந்ததை நாமே திருத்திக் கெடுத்திருப்போம். எனவே வேறுபாடு தென்பட்டதும் சீனப் பிரதியின் மேல் பழி போட்டுவிடாதீர்கள்; குறை மீள்மொழிபெயர்ப்பிலோ, தெளிவில்லாத மூலத்திலோகூட இருக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. அது ‘தாய், சகோதரி, ஆன்ட்டி’ என்று மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தித் திரும்பி வரக்கூடும். பார்த்தவுடன் மனம் நிம்மதியடையும். நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்தைத்தான்.

சீனப் பிரதியில் ‘ஆயி’ என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் தாயின் சகோதரியைக் குறிக்கும். தாய் வயதுள்ள எந்தப் பெண்ணையும் மரியாதையாக அழைக்கவும் வழங்கும். தந்தையின் சகோதரி ‘ஆயி’ அல்ல, ‘கூகு’. அத்தையையும் சித்தியையும் ஒரே சொல்லால் அழைக்காத நமக்கு இது உடனே புரியும். ஆனால் ‘ஆயி’ என்று எழுதினாலும் ‘கூகு’ என்று எழுதினாலும் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது ‘ஆன்ட்டி’ என்ற ஒரே சொல்தான் கிடைக்கும். சீனத்தில் இருந்த வேறுபாட்டை ஆங்கிலம் விழுங்கிவிட, பிழை மறைந்துபோகிறது. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ மரபணு மாற்றங்கள் தந்தை வழியிலும் தாய் வழியைப் போலவே பிள்ளைகளுக்கு வரக்கூடியவை என்பதால், அத்தையை விட்டுவிட்ட கேள்வி பாதிக் குடும்பத்தையே விட்டுவிடுகிறது.

மீள்மொழிபெயர்ப்பின் இந்தக் குறைகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. இம்முறையை விரிவாக ஆராய்ந்த ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இலேயே, பொருந்திவிட்டதாகத் தோன்றும் ஒற்றுமை ஏமாற்றக்கூடிய மூன்று வழிகளைச் சுட்டினார். நிகரில்லாத சொற்களுக்கு இரு மொழிபெயர்ப்பாளர்களும் ஒரே வாய்ப்பாட்டைக் கையாளலாம். திறமையான மீள்மொழிபெயர்ப்பாளர் மோசமான பிரதியிலிருந்தும் பொருளை ஊகித்துச் செம்மையாக எழுதிவிடலாம். மூலத்தின் அமைப்பை அப்படியே சுமந்துவந்த பிரதி, படிப்பவருக்கு விளங்காவிட்டாலும் எளிதாகத் திரும்பிவிடலாம். மனச்சோர்வைக் குறிக்கும் ‘ஃபீலிங் ப்ளூ’ என்ற ஆங்கில வழக்கை ‘நீல நிறமாக உணர்கிறேன்’ என்று சீனத்தில் எழுதினால், அது எந்தச் சேதமும் இல்லாமல் ‘ஃபீலிங் ப்ளூ’ என்றே திரும்பி வரும். சீன நோயாளிக்கோ அந்த வரியில் ஒன்றும் புரியாது.

மூன்றாம் படியில் விளக்கம் கேட்டதன் பயன் இங்கேதான் தெரிகிறது. ‘ஆன்ட்டி’ என்று நிறுத்தாமல் ‘தாயின் சகோதரி, அல்லது தாய் வயதுப் பெண் யாரும்’ என்று அவர் எழுதியிருந்தால், முதல் படியின் குறிப்போடு அது மோதுவது உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும்.

ஐந்தாம் படி: திருத்தி, மறுபடியும் அனுப்புவது

சந்தேகமுள்ள வரிகளை மட்டும் சீன மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்புங்கள். ‘இதைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள்’ என்று சொல்லாமல், ‘இந்தச் சொல்லைப் படிப்பவர் யாரை நினைப்பார்?’ என்று கேட்டால் நேரான பதில் வரும். இங்கே தீர்வு எளிது: ‘ஆயி’ என்பதை நீக்கிவிட்டு, தந்தையின் சகோதரியைக் குறிக்கும் ‘கூகு’, தாயின் சகோதரியைக் குறிக்கும் ‘யீமா’ என்ற இரண்டையும் எழுத வேண்டும். திருத்திய வரிகளை மீள்மொழிபெயர்க்க முன்பிருந்தவரையே அழைக்காதீர்கள். என்ன பிரச்சினை என்பதை அவர் இதற்குள் அறிந்திருப்பார்.

ஆறாம் படி: நோயாளிகளிடம் கேட்பது

இஸ்போர் என்ற அமைப்பின் பணிக்குழு 2005-இல் வெளியிட்ட நெறிமுறை, இந்தக் கட்டத்தில் அந்த மொழி பேசும் 5 முதல் 8 பேரிடம் தாளைக் கொடுத்துப் பேசிப் பார்க்கச் சொல்கிறது. விடையை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், அந்த விடைக்கு எப்படி வந்தார்கள் என்று சீனம் பேசும் ஒருவரைக் கொண்டு கேட்கச் செய்யுங்கள்.

நான் ஒருங்கிணைத்த ஓர் ஆய்வில் ‘ஆயி’ என்ற சொல் இந்தக் கட்டம் வரைக்கும் தப்பி வந்துவிட்டது. ஒரு பெண்மணி ‘இல்லை’ என்று குறித்தார். யாரையெல்லாம் நினைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, தாயையும் தாயின் இரண்டு தங்கைகளையும் சொன்னார். தந்தையின் சகோதரிகளைப் பற்றிக் கேட்டபோது, “அப்பாவின் அக்காவுக்கு அந்த நோய் வந்தது. ஆனால் அவர் எனக்குக் கூகு. நீங்கள் ஆயியைப் பற்றித்தானே கேட்டிருக்கிறீர்கள்?” என்றார். விளக்கம் கேட்கும் அந்த வரியை என் அறிவுரைக் கடிதத்தில் சேர்த்தது அதன் பிறகுதான்.

விடைத் தேர்வுகளுக்கும் இதே உரையாடல் தேவை. ‘பல நாட்கள்’ என்பதற்குச் சீனத்தில் வழங்கும் ‘ஜி தியென்’ என்ற தொடர் ‘சில நாட்கள்’ என்றும் பொருள்படும். கேள்வியில் வந்தால் ‘எத்தனை நாட்கள்?’ என்றும் பொருள்படும். 14 நாட்களில் இந்த விடை எத்தனை நாட்களைக் குறிக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் எண்ணாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘பாதி நாட்களுக்கு மேல்’ என்பது 8-இல் தொடங்க வேண்டும். ‘ஜி தியென்’ என்பதற்கு எல்லோரும் 7-க்குள் ஓர் எண்ணைச் சொன்னால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஒருவர் 9 என்று சொன்னாலும், விரிதாளில் அந்த வரியை மீண்டும் திறந்து, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.