14 சதவீதம் என்று காட்டிய கடன் கணக்கில் 5 சதவீதமே மிஞ்சியது

தனிநபர்கள் தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கும் தளம் ஒன்றில் 1,00,000 ரூபாய் போட்டு ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, தளத்தின் பக்கம் வருமானம் 14 சதவீதம், வாராக்கடன் 5 சதவீதம் என்று காட்டியது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து நிகர வருமானம் 9 சதவீதம் என்று எழுதிக்கொண்டேன். அது என் கைக்கணக்கோடு ஒத்துப்போகாததால் மூன்று நாள்கள் வீணாயின.

முதலில் கட்டணத்தைச் சந்தேகித்தேன். அது ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தது. பிழை வகுக்கும் எண்ணில் இருந்தது. திரும்பி வந்த தவணைகளை மறுபடியும் கடனாகக் கொடுத்ததால் மொத்தக் கடன் 1,80,000 ரூபாயாகப் பெருகியிருந்தது. தவறிய 9,000 ரூபாயைத் தளம் அந்த 1,80,000-ஆல் வகுத்திருந்தது. நான் போட்ட முதலோ 1,00,000 ரூபாய்தான் என்பதால் உண்மையான இழப்பு 9 சதவீதம்.

பிறகு தளத்துக்குள் சுழலும் பணத்தை விட்டுவிட்டு, என் வங்கிக் கணக்கிலிருந்து போன தொகையையும் இன்றைய மதிப்பையும் மட்டும் தேதியோடு விரிதாளில் இட்டேன். கையிருப்பு 38,000, நிலுவை அசல் 76,000. அதில் 90 நாள்களுக்கு மேல் தவணை தவறிய 9,000 ரூபாயைச் சுழியமாக மதித்ததும் மொத்தம் 1,05,000 ஆனது.

```
=XIRR(B2:B3,A2:A3)
```

XIRR என்பது தேதியிட்ட பண வரவு செலவுகளிலிருந்து ஆண்டு வருமான வீதத்தைத் தரும் விரிதாள் சூத்திரம். A2, A3-இல் தேதிகள், B2-இல் -100000, B3-இல் 105000. விடை 5 சதவீதம். சுழியம் என்பது கடுமையான மதிப்பீடுதான். பின்னர் வசூலாகும் தொகையை, வந்த பிறகே மதிப்பில் சேர்க்கிறேன்.