‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’: எழுவாய்க்கு முன்பே வினை வரும்போது நேரும் தவறுகள்

கோத்தகிரிக்கு அருகே தம் வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் உறவினர் ஒருவர், அறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய அறிவிப்பைச் சென்ற கோடையில் என்னிடம் திருத்தக் கொடுத்தார். சொற்களில் பிழை இல்லை. ஒருமை, பன்மைக்கு ஏற்ப வினையை அமைப்பதில்தான் எல்லாத் தவறுகளும் இருந்தன. ஆங்கிலம் நன்றாகக் கற்றவர்களும் இங்கே இடறுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், அதைச் சொல்லும்போது எழுவாய் ஒன்றா பலவா என்பது முன்பே தெரிந்திருக்கும். பேச்சிலோ ‘ஒரு ரூம் இருக்கு’, ‘மூணு ரூம் இருக்கு’ என்று அஃறிணைக்கு ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் ‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’ என்று தொடங்கும் அமைப்பிலோ, எழுவாய் வாயிலிருந்து வருவதற்கு முன்பே வினையின் எண்ணை முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

அறிவிப்பின் முதல் வரி, ‘தேர் இஸ் த்ரீ ரூம்ஸ்’. இந்தத் ‘தேர்’ என்பதற்கு ‘அங்கே’ என்று பொருள் இல்லை. எழுவாயின் இடத்தை நிரப்பி நிற்பதே அதன் வேலை. உண்மையான எழுவாய் வினைக்குப் பின்னால் இருக்கிறது. எனவே சரிபார்க்கும்போது ‘தேர்’ என்பதை விரலால் மறைத்துவிட்டு, எது இருக்கிறது என்று கேட்டு, விடையாக வரும் பெயர்ச்சொல்லை முன்னால் வைத்துப் படிக்க வேண்டும். ‘த்ரீ ரூம்ஸ்’ என்று தொடங்கினால் ‘இஸ்’ ஒட்டாது. ‘தேர் ஆர் த்ரீ ரூம்ஸ்’ என்பதே சரி. ஆங்கிலேயர்களே பேச்சில் ‘தேர்ஸ் டூ பஸ்ஸஸ்’ என்று சுருக்கிச் சொல்வதுண்டு; அதை முறையான எழுத்துக்குக் கொண்டு வரக் கூடாது.

அடுத்த வரி இதற்கு நேர் எதிரான தவறு: ‘தேர் ஆர் எ ரோ ஆஃப் சில்வர் ஓக் ட்ரீஸ்’. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் அந்த மரங்கள் பலவாக இருந்தாலும், இங்கே எழுவாய் ‘ரோ’, அதாவது ஒரு வரிசை. ஆகவே ‘தேர் இஸ் எ ரோ’ என்றே எழுத வேண்டும். ஆனால் ‘எ லாட் ஆஃப்’ இவ்வாறு நடப்பதில்லை. அதில் பின்னால் வரும் சொல்லே எண்ணை முடிவு செய்வதால், பனிமூட்டத்துக்கு ‘தேர் இஸ் எ லாட் ஆஃப் மிஸ்ட்’ என்றும், அட்டைகளுக்கு ‘தேர் ஆர் எ லாட் ஆஃப் லீச்சஸ்’ என்றும் வரும்.

மூன்றாவது வரியில்தான் உண்மையான சிக்கல் இருந்தது: ‘தேர் இஸ் எ கிச்சன், டூ பாத்ரூம்ஸ் அண்ட் எ ஹீட்டர்’. மூன்றும் சேர்ந்தால் பன்மை என்பதால், இலக்கணத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுபவர்கள் ‘ஆர்’ வேண்டும் என்பார்கள். ஆனால் ‘தேர் ஆர் எ கிச்சன்’ என்பது ஆங்கிலக் காதுக்கு உறுத்துவதால், பட்டியலின் முதற்பொருள் ஒருமையாக இருந்தால் ‘இஸ்’ என்று எழுதும் வழக்கமும் பரவலாக உண்டு. அதைத் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. தேர்வுத்தாளிலோ அலுவலகக் கடிதத்திலோ திருத்துபவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே நான் வினையைப் பற்றி வாதிடாமல் பட்டியலைத் திருப்பிவிடச் சொல்வேன். பன்மைச் சொல்லை முதலில் வைத்து ‘தேர் ஆர் டூ பாத்ரூம்ஸ், எ கிச்சன் அண்ட் எ ஹீட்டர்’ என்று எழுதினால் இரு தரப்பாருக்கும் குறை சொல்ல இடமில்லை. பட்டியலில் உள்ளவை எல்லாமே ஒருமையாக இருந்தால் இந்த உத்தி உதவாது. அப்போது ‘தி ஹவுஸ் ஹாஸ்’ என்று தொடங்கிப் பட்டியலைச் செயப்படுபொருளாக்கிவிடுவதே நல்லது.

கடைசி வரியில் ‘தேர்’ இல்லை. ஆனாலும் அதே தவறு இருந்தது: ‘பிஹைண்ட் தி ஹவுஸ் இஸ் டூ டீ கார்டன்ஸ்’. இடத்தைக் குறிக்கும் தொடர் முன்னால் வந்து வாக்கியம் தலைகீழாகும்போது, வினைக்குப் பக்கத்தில் உள்ள ‘ஹவுஸ்’ என்ற ஒருமைச் சொல் கண்ணை ஏமாற்றிவிடுகிறது. ‘பிஹைண்ட்’ போன்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின் வரும் பெயர் எழுவாயாகாது என்பதை நினைவில் வைத்து, வாக்கியத்தை நேராக்கிப் பார்த்தால் ‘டூ டீ கார்டன்ஸ் ஆர் பிஹைண்ட் தி ஹவுஸ்’ என்று வரும். எனவே தலைகீழ் வடிவத்திலும் ‘ஆர்’ தான். ‘ஹியர்’ என்று தொடங்கும் வாக்கியங்களும் இப்படியே: சாவி ஒன்றானால் ‘ஹியர் இஸ் தி கீ’, பலவானால் ‘ஹியர் ஆர் தி கீஸ்’.

அறிவிப்பின் அடியில், மழைக்காலத்தில் வருவோருக்காக மண்சரிவுகளைப் பற்றி ‘தேர் ஹாஸ் பீன் மெனி லேண்ட்ஸ்லைட்ஸ்’ என்று ஒரு குறிப்பும் இருந்தது. ‘பீன்’ எண்ணுக்கேற்ப மாறாது. அந்த வேலையைத் துணைவினையே செய்வதால் ‘தேர் ஹாவ் பீன்’ என்று திருத்தினேன்.