முதல் லேப்டாப் வாங்கும்போது எல்லோரும் செய்யும் தவறுகள்: i7 ஸ்டிக்கரில் தொடங்கி

2023 ஜூலையில் என் அக்கா மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைத்தது. லேப்டாப்புக்கு அக்கா எடுத்து வைத்திருந்தது அறுபதாயிரம். மூன்று பேரும் கடைக்குப் போனோம். விற்பனையாளர் இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று i7, 8 ஜிபி ராம், விலை 62,000. இன்னொன்று i5, 16 ஜிபி ராம், 56,000. இரண்டிலும் 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 இன்ச் திரை.

“மாமா, i7-யே எடுத்துக்கலாம். நாலு வருஷம் வரணும்ல” என்றாள். ரெண்டாயிரம் தானே அதிகம், போட்டுத் தருகிறேன் என்று அக்காவும் சொல்லிவிட்டாள்.

அந்த இடத்தில்தான் நான் நிறுத்தினேன். லேப்டாப் வாங்குகிறவர்கள் அதிகம் பணத்தை விடுவது இந்த ஒரு எழுத்திலும் ஒரு எண்ணிலும்தான்.

i5, i7 என்பது முழுப் பெயர் இல்லை

விலை அட்டையில் i7 என்று பெரிதாக இருக்கும். அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு எண் இருக்கும், அதுதான் பிராசஸரின் உண்மையான பெயர். நாங்கள் பார்த்த i7-இன் முழுப் பெயர் i7-1255U. i5-இன் முழுப் பெயர் i5-1235U. முதல் இரண்டு இலக்கம் 12, அதாவது இரண்டும் இன்டெலின் 12-ஆம் தலைமுறை. கடைசியில் இருக்கும் U, குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை என்பதைச் சொல்கிறது.

இந்த இரண்டையும் இன்டெலின் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டிலும் 10 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் பத்து கணக்கிடும் பகுதிகள். அதில் வேகமான கோர் இரண்டு, சிக்கனமான கோர் எட்டு. கேஷ் மெமரி இரண்டிலும் 12 எம்பி. அடிப்படை மின்செலவு இரண்டிலும் 15 வாட். வேறுபாடு உச்ச வேகத்தில் இருக்கிறது: i7-இல் 4.7 கிகாஹெர்ட்ஸ், i5-இல் 4.4. உள்ளிருக்கும் கிராபிக்ஸும் i7-இல் கொஞ்சம் பெரியது. அந்த உச்ச வேகமும் சில நொடிகளுக்குத்தான் வரும். சூடு ஏறியதும் இரண்டும் இறங்கிவிடும். புரோகிராம் எழுதி ஓட்டுகிற மாணவிக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

2023 கடைசியிலிருந்து புது வரிசைகளில் இன்டெல் பெயரை மாற்றி i-யை எடுத்துவிட்டது. ஆனால் கதை அதேதான். Core 5 120U, Core 7 150U இரண்டிலும் 10 கோர்தான், இரண்டு பெரியது, எட்டு சிறியது. கடைசி எழுத்து H என்றால் வேறு ரகம். அது அதிக மின்சாரம் எடுத்து, பாரமான வேலையை நீண்ட நேரம் இழுக்கும். அதற்கு விலையாக பேட்டரி சீக்கிரம் தீரும், விசிறி சத்தம் போடும். பல வேலைகளுக்கு H வகை i5, U வகை i7-ஐ விட நன்றாக உழைக்கும்.

ஏஎம்டி ரைசன் பக்கம் போனால் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். Ryzen 5 7520U என்றால் மூன்றாவது இலக்கம் 2. உள்ளே இருப்பது ஜென் 2 கோர், 2019-இல் வந்த வடிவமைப்பு, அதிலும் நாலே கோர். Ryzen 5 7530U என்றால் ஜென் 3, ஆறு கோர். Ryzen 5 7640U என்றால் ஜென் 4. மூன்றுமே ‘ரைசன் 5, 7000 சீரிஸ்’ என்றுதான் விற்கப்படும். ‘புது மாடல் சார்’ என்று கடைக்காரர் சொல்வதில் பொய் இல்லை. பெயர் புதிது, கோர் பழையது.

அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி “i5-ஆ i7-ஆ” இல்லை, “பிராசஸர் முழு நம்பர் என்ன” என்பதுதான்.

8 ஜிபி ராமை வாங்கிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு இது, ஏனென்றால் பெரும்பாலும் திருத்த முடியாது.

விண்டோஸ் 11 எதுவும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே மூன்று நான்கு ஜிபி போய்விடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கு வேண்டிய நினைவகமும் இதே ராமிலிருந்துதான் எடுக்கப்படும். மீதி இருப்பதில் பிரவுசரில் பதினைந்து டேப், ஒரு ஆன்லைன் வகுப்பு, ஒரு கோடிங் எடிட்டர். இரண்டாம் ஆண்டில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போடச் சொல்வார்கள். அதன் எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி வேண்டும் என்று அதை உருவாக்கும் கூகுளே சொல்கிறது. ராம் போதாதபோது விண்டோஸ் எஸ்எஸ்டியைக் கடன் வாங்கி ஓட்டும். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டு நொடி உறையும். பிராசஸர் i7 ஆக இருந்தாலும் உறையும்.

‘அப்புறம் ஏற்றிக்கலாம்’ என்பது ராம் தனி ஸ்டிக்காகச் செருகப்பட்டிருந்தால்தான் நடக்கும். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராம் சிப்புகளை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். இதைக் கடையிலேயே அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் Ctrl + Shift + Esc அழுத்தினால் Task Manager திறக்கும். அதில் Performance, அதற்குள் Memory. கீழே இரண்டு வரி இருக்கும்:

```
Slots used:   1 of 2
Form factor:  SODIMM
```

இப்படி இருந்தால் ஒரு ஸ்லாட் காலி, பின்னால் இன்னொரு ஸ்டிக் போடலாம். Form factor என்ற இடத்தில் Row of chips என்று இருந்தால் சால்டர் செய்தது. சில மாடல்களில் பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்று இருக்கும். அதனால் இந்த வரியைப் பார்த்த பிறகும் “கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா, அதிகபட்சம் எத்தனை ஜிபி” என்று மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் தானே அழுத்திப் பார்த்தாள். i7-இல் Row of chips, கூடுதல் ஸ்லாட்டும் இல்லை. நாலு வருஷமும் 8 ஜிபிதான். i5-இல் இரண்டு ஸ்லாட்டிலும் 8 ஜிபி ஸ்டிக் இருந்தது.

இரண்டு ஸ்டிக் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே ஸ்டிக் இருந்தால் பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவே ஒற்றைவழிச் சாலை மாதிரி. இரண்டு இருந்தால் பாதை இரட்டிப்பாகும். கிராபிக்ஸும் அதே ராமைப் பயன்படுத்துவதால் அங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும். இந்தத் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளில் அட்டையில் Iris Xe என்று போட்டிருக்கும், ஆனால் ஒரே ஸ்டிக் இருந்தால் விண்டோஸ் அதை UHD Graphics என்றுதான் காட்டும். Iris Xe என்ற பெயருக்கே இரட்டைப் பாதை வேண்டும் என்பது இன்டெலின் விதி.

திரையைக் கடை வெளிச்சத்தில் மட்டும் பார்ப்பது

விலை அட்டையில் ‘ஃபுல் எச்டி, ஆன்டி கிளேர்’ என்று இருக்கும். அது பாதித் தகவல். நாலு வருஷம் கண் பார்க்கப்போவது இந்தத் திரையைத்தான், ஆனால் தயாரிப்பாளர்கள் முதலில் சிக்கனம் பிடிப்பதும் இதில்தான்.

திரையை மெதுவாகப் பின்னால் சாயுங்கள். கறுப்பு வெளுத்து, முகங்கள் நெகட்டிவ் மாதிரி மாறினால் அது டிஎன் பேனல், விட்டுவிடுங்கள். ஐபிஎஸ் பேனலில் நிறம் அப்படி மாறாது. அப்புறம் ஒரு தக்காளிப் படத்தைத் திறந்து, உங்கள் போனில் இருக்கும் அதே படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போயிருந்தால் அது விவரக் குறிப்பில் ‘45% NTSC’ என்று எழுதியிருக்கும் ரகம். பாடம் படிக்க, கோட் எழுத அது போதும். டிசைன், விஸ்காம், ஆர்க்கிடெக்சர் படிக்கிறவர்கள் ‘100% sRGB’ என்று தேடி வாங்க வேண்டும். வெளிச்சத்துக்கு நிட்ஸ் கணக்கு. 250 நிட்ஸ் அறைக்குள் சரி. ஹாஸ்டலில் ஜன்னலோரம் மேசை கிடைத்தால் பகலில் கண் சுருங்கும், 300-க்கு மேல் இருந்தால் நல்லது.

மீதி ஸ்டிக்கர்கள்

‘2 ஜிபி கிராபிக்ஸ்’ என்று தனியாக எழுதி விற்கும் சிறிய கார்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கேம், 3டி ரெண்டரிங், கனமான CAD டிசைன் வேலை இருந்தால்தான் தனி கார்டு வேண்டும். அப்படி வாங்கும்போது கார்டின் பெயரோடு வாட்டையும் கேளுங்கள். RTX 4050 என்ற அதே பெயர் 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும், வேகம் ஒன்றாக இருக்காது. மெஷின் லேர்னிங் படிக்கப் போகிறேன் என்பதற்காகவே முதல் ஆண்டில் கேமிங் லேப்டாப் வாங்குவது அவசியமில்லை. அந்தப் பயிற்சிகளை கூகுள் கோலாபில் இலவசமாகவே ஓட்டலாம்.

‘ஏஐ லேப்டாப்’ என்பது பெரும்பாலும் என்பியு என்ற தனிப் பகுதியைக் குறிக்கும். வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்குவது போன்ற வேலைகளை அது குறைந்த மின்சாரத்தில் செய்யும். கல்லூரியில் எழுதும் பைத்தான் புரோகிராம் அதைத் தொடாது.

‘10 மணி நேர பேட்டரி’ என்பது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து, வீடியோ போன்ற லேசான வேலையை ஓட்டி எடுத்த அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது வாட்-அவர். 41 வாட்-அவர் பேட்டரி, சாதாரண வேலையில் லேப்டாப் 10 வாட் எடுக்கிறது என்றால் நாலு மணி நேரம், அவ்வளவுதான். காலையில் சார்ஜ் போட்டுவிட்டு மாலை வரை வகுப்பில் இருக்கிறவர்கள் 50-க்கு மேல் தேடுங்கள்.

மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் மேக்புக் வாங்குமுன் சீனியர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகின்றன.

நாங்கள் i5-ஐத்தான் வாங்கினோம். மிச்சம் இருந்த நாலாயிரத்தில் தண்ணீர் கொட்டினாலும் கீழே விழுந்தாலும் சரிசெய்து தரும் கூடுதல் காப்பைப் போட்டுக்கொண்டோம். வீட்டுக்கு வந்த அன்றே, பில் புதிதாக இருக்கும்போதே, கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓட்டச் சொன்னேன்:

```
powercfg /batteryreport
```

அது ஒரு கோப்பைச் சேமித்து, எங்கே இருக்கிறது என்று காட்டும். அதில் DESIGN CAPACITY-யும் FULL CHARGE CAPACITY-யும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், பேட்டரி எத்தனை முறை முழுதாகச் சார்ஜ் ஏறித் தீர்ந்தது என்று சொல்லும் CYCLE COUNT சொற்பமாக இருக்க வேண்டும். கொள்ளளவு கணிசமாகக் குறைந்திருந்தாலோ சைக்கிள் பல டஜன் காட்டினாலோ அது கடையில் மாதக்கணக்கில் ஓடிய காட்சிப்பொருளாக இருக்கலாம், மறுநாளே பில்லோடு போய்க் கேளுங்கள். அவளுடையதில் சைக்கிள் 2 என்று இருந்தது.