எஃப்டி வட்டி கைக்கு வராவிட்டாலும் வருமானம்தான்: ஓய்வு பெற்றவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி பக்கம் ஐ.சி.எஃப்.பிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். பணிக்கொடையும் பி.எஃப். பணமும் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் அதை வட்டியோடு சேர்ந்து வளரும் எஃப்டியில்தான் போடுகிறார்கள். அப்புறம் அந்த ரசீதை பீரோவில் வைத்துவிட்டு, "முடியும்போதுதானே பணம் வரப்போகுது, வரியை அப்போ பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இதனால் எவ்வளவு நஷ்டம் வரும் என்பதை ஒரே ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

பெரம்பூரில் 66 வயதுப் பெரியவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பென்ஷன் மாதம் 55,000 ரூபாய். ஏப்ரல் 1 அன்று 30 லட்ச ரூபாயை 7.2 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்குப் போடுகிறார். வட்டி நடுவில் வேண்டாம், சேர்ந்தே வளரட்டும் என்கிறார்.

நம் நாட்டு வங்கிகளில் இப்படிப்பட்ட எஃப்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை அசலோடு சேர்ப்பதுதான் வழக்கம். 7.2 சதவீதத்தை நாலாகப் பிரித்தால் காலாண்டுக்கு 1.8 சதவீதம். முதல் மூன்று மாதத்துக்கு 54,000 ரூபாய். அது அசலோடு சேர்ந்து 30,54,000 ஆகிறது. அடுத்த காலாண்டின் வட்டி இந்தத் தொகைக்கு, அதாவது 54,972 ரூபாய். மூன்றாவது 55,962, நான்காவது 56,969. ஆக முதல் வருட வட்டி 2,21,902 ரூபாய். இரண்டாம் வருடம் 2,38,316, மூன்றாம் வருடம் 2,55,944. கடைசியில் கைக்கு வருவது 37,16,162 ரூபாய்.

இங்கேயே ஒரு தவறு நடக்கிறது. மொத்த வட்டி 7,16,162 ரூபாயை மூன்றால் வகுத்து, அசலோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 7.96 சதவீதம் போலத் தெரியும். சில விளம்பரங்கள் இந்த எண்ணைப் பெரிதாகப் போடும். வட்டிக்கு வந்த வட்டியையும் அசலின் மேல் ஏற்றிச் சராசரி எடுப்பதால் வரும் எண் அது. காலம் நீள நீள இன்னும் பெரிதாகத் தெரியும். காலாண்டுக் கூட்டு வட்டியில் 7.2 சதவீதம் என்பது உண்மையில் வருடத்துக்கு 7.4 சதவீதம்தான். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது அறிவித்த வட்டி விகிதத்தையும், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சேர்க்கிறார்கள் என்பதையும் மட்டும் கேளுங்கள்.

இனி வரி. பணம் கைக்கு வராவிட்டாலும் வங்கி ஒவ்வொரு நிதியாண்டும் அந்த வருடத்தில் சேர்ந்த வட்டியை வருமான வரித்துறைக்குத் தெரிவித்துவிடுகிறது. உங்கள் பான் எண்ணில் உள்ள ஏஐஎஸ் எனும் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் அது வந்து நிற்கும். அதனால் அந்தந்த வருட வட்டியை அந்தந்த வருடக் கணக்கிலேயே காட்டுவதுதான் நல்லது. கைக்கு வந்தபோது காட்டும் முறையையும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதைத் தொடர்ந்து ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். வங்கி வருடாவருடம் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒத்துப்போகாது, அதற்கு விளக்கமும் தர வேண்டியிருக்கும். நம் பெரியவர் போன்றவருக்கு அந்த முறை பண நஷ்டமும்கூட. எப்படி என்று பாருங்கள்.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையை மூன்று வருடத்துக்கும் அப்படியே வைத்துக்கொள்வோம். பென்ஷனும் மாறவில்லை என்று கொள்வோம். வருட பென்ஷன் 6,60,000. அதில் நிலையான கழிவு 75,000 போனால் மீதி 5,85,000. முதல் வருட வட்டியைச் சேர்த்தால் 8,06,902. வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் வரி முழுதும் கழிந்துவிடுகிறது. மூன்றாம் வருடத்திலும் வருமானம் 8,40,944 தான். மூன்று வருடமும் வரி பூஜ்ஜியம்.

அதே வட்டி மொத்தத்தையும் கடைசி வருடத்தில் காட்டினால் வருமானம் 13,01,162 ஆகிறது. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது, தள்ளுபடி இல்லை. நாலு லட்சத்திலிருந்து எட்டு வரை 5 சதவீதம், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 10, அதற்கு மேல் 15. செஸ்ஸோடு சேர்த்து ஏறத்தாழ 78,180 ரூபாய் வரி. வட்டி அதேதான், காட்டிய வருடம்தான் வேறு.

அடுத்து டிடிஎஸ், அதாவது வங்கி வட்டியிலிருந்து முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. மூத்த குடிமகனுக்கு ஒரு வங்கியில் வருட வட்டி 1,00,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 50,000. நம் பெரியவருக்கு முதல் வருடம் 22,190 ரூபாய் பிடித்தம் ஆகும். பல வங்கிகள் இதை எஃப்டி வட்டியிலிருந்தே எடுக்கும், அப்போது கூட்டு வட்டி சுரக்கும் தொகையே குறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் முதல் இரண்டு வருடப் பிடித்தத்தால் மட்டும் முதிர்வின்போது 5,150 ரூபாய் வாக்கில் வட்டி போய்விடும். பிடித்த வரி ரீஃபண்டாகத் திரும்பலாம், போன வட்டி எஃப்டிக்குத் திரும்பாது.

வரியே இல்லாதவரிடம் பிடிக்காமல் இருக்கத்தான் 15ஹெச் படிவம். 60 வயதைக் கடந்தவர், தள்ளுபடிக்குப் பின் வரி பூஜ்ஜியம் என்றால் கொடுக்கலாம். வரி தொடங்கும் நாலு லட்சத்தை வருமானம் தாண்டியிருக்கிறதே, கொடுக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும், ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக, ஏப்ரல் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். பிடித்து அரசுக்குக் கட்டிய பிறகு வங்கியிடம் திருப்பிக் கேட்க முடியாது. பான் எண் இல்லாத 15ஹெச் செல்லாது, அப்போது 20 சதவீதம் போகும்.

15ஹெச் கொடுத்தாச்சே, ரிட்டர்ன் எதற்கு என்பது இன்னொரு தவறு. தள்ளுபடிக்கு முந்தைய வருமானம் நாலு லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்ஜியமானாலும் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். இதேபோல், பணத்தைப் பல வங்கிகளில் பிரித்துப் போட்டு டிடிஎஸ் வரம்புக்குள் இருந்தாலும் வரி குறையாது. டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதால் வட்டி வருமானத்திலிருந்து விலகிவிடுவதில்லை.

மூத்த குடிமக்களின் வட்டிக்கு 50,000 ரூபாய் கழிவு தரும் 80டிடிபி பழைய வரி முறையில் மட்டும்தான். அந்த ஒரு கழிவுக்காகப் பழைய முறைக்குப் போனால் நம் பெரியவருக்கு முதல் வருடமே, வேறு கழிவுகள் இல்லாத பட்சத்தில், 69,035 ரூபாய் வரி. 80சி-யில் ஒன்றரை லட்சம் முழுதாகக் காட்டினாலும் பூஜ்ஜியத்துக்கு வராது. இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள்.

இங்கே கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஏப்ரல் 1-ஐ எடுத்துக்கொண்டேன். நடுவில், உதாரணமாக ஆகஸ்டில் போட்ட எஃப்டிக்கு முதல் நிதியாண்டில் மார்ச் 31 வரை சேர்ந்த வட்டியே வரும். அதை நாமாக மனக்கணக்காகப் போட வேண்டாம். வங்கியில் வட்டிச் சான்றிதழ் கேளுங்கள், நிதியாண்டு வாரியாகவே தருவார்கள். அதை ஏஐஎஸ்ஸோடு வைத்துப் பார்த்து, எண்கள் ஒத்திருந்தால் அந்த எண்ணையே ரிட்டர்னில் போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் வங்கிக் கிளையில் கேட்டுச் சரிசெய்யுங்கள்.