மீனவர்களுக்கான வானிலைக் குறுஞ்செய்தி: ஆய்வு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனவர்களின் மொபைலுக்கு வரும் வானிலை எச்சரிக்கைகளை வளர்ச்சித் தொடர்பியல் நோக்கில் ஆராயும் மாணவர்களின் அறிக்கைகளை நான் அடிக்கடி படிக்கிறேன். தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகள்தான் அவற்றில் மறுபடி மறுபடி வருகின்றன. கேள்வித்தாளை மீனவர்களுக்குப் புரியாத நடையில் எழுதுவது, சிலரை மட்டும் கேட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது போன்றவற்றை வழிகாட்டி ஆசிரியரே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படகு உரிமையாளரை மட்டும் கேட்பது

செய்தி அனுப்பும் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் உரிமையாளரின் எண். கடலில் இருப்பவர் படகின் டிரைவர். போகலாமா, திரும்பலாமா என்று நடுக்கடலில் முடிவெடுப்பவரும் அவர்தான். இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

‘டெலிவர்டு’ என்று வந்ததை எச்சரிக்கை சேர்ந்ததாகக் கணக்கு வைப்பது

இந்தத் தவறுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. அண்மையில் ஒரு மாணவர் தன் அறிக்கையைக் கொண்டுவந்தார். செய்தி அனுப்பும் நிறுவனத்திடமிருந்து வாங்கிய பட்டியல் அதில் இருந்தது. அனுப்பியவை இத்தனை, சேர்ந்தவை இத்தனை என்று காட்டி, ஏறத்தாழ எல்லோருக்கும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது என்று முடித்திருந்தார். “அந்த நேரத்தில் படகுகள் எங்கே இருந்தன?” என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. கடலுக்குப் போன படகுகளின் பட்டியலை அவர் வாங்கவே இல்லை.

ஒக்கிப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் முற்பகலில் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. இடையில் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நாள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவை. அவற்றில் பல, எச்சரிக்கை பிறக்கும் முன்பே கரையைவிட்டுப் போயிருந்தன. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் மொபைல் இணைப்பு கிடைக்காது என்பதை அந்தப் புயலுக்குப் பிறகு அரசே ஒப்புக்கொண்டது. ஆக, ‘கடலுக்குப் போகவேண்டாம்’ என்ற செய்தி ஏற்கெனவே கடலில் இருந்தவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விசைப்படகு மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் படகு கரைக்கு வர 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 350 கிலோமீட்டர் என்றால் 25 மணி நேரம். எச்சரிக்கை அந்த நொடியே கையில் கிடைத்தாலும் அவர்கள் வீடு திரும்ப முடியாது. திரும்ப முயன்றால் புயலின் பாதையிலேயே சிக்கலாம். அவர்களுக்கு வேண்டியது எந்தத் திசையில் விலகுவது, அருகில் எந்தத் துறைமுகத்தில் ஒதுங்குவது என்ற தகவல். ஒக்கியின்போது தப்பிய பல குமரிப் படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத் துறைமுகங்களிலும்தான் கரை சேர்ந்தன. கரையில் நிற்பவருக்கும் நடுக்கடலில் இருப்பவருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பிவிட்டு ‘சேர்ந்ததா’ என்று மட்டும் பார்க்கும் ஆய்வில் இந்த வேறுபாடு தென்படவே தென்படாது.

சரி, எப்படிச் செய்வது? முதலில் ஊரில் உள்ள படகு வகைகளைப் பிரியுங்கள்: அன்றே திரும்பும் ஃபைபர் படகு, சில நாள் தங்கும் விசைப்படகு, வாரக்கணக்கில் தங்கும் ஆழ்கடல் படகு. ஒவ்வொன்றுக்கும் எப்போது கிளம்புகிறது, போவதா என்று எப்போது முடிவாகிறது, எங்கே சிக்னல் இல்லாமல் போகிறது என்று எழுதுங்கள். அதன் மேல் எச்சரிக்கை வந்த நேரத்தை வையுங்கள்.

இரவு 10 மணிக்கு ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பும் ஃபைபர் படகுக்காரர் அப்போது தூங்குகிறார். எழுந்ததும் செய்தியைப் பார்ப்பாரா என்பதுதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. விசைப்படகில் டீசலும் ஐஸும் ஏற்றியாகிவிட்டது. போகாவிட்டால் நட்டம் யார் தலையில் விழும் என்பதுதான் அங்கே கேள்வி. ஆழ்கடல் படகுக்குச் செய்தி வரவே வராது. ஆனால் அதன் உரிமையாளர் கரையில் இருப்பதால் பட்டியலில் ‘டெலிவர்டு’ என்றே இருக்கும்.

பட்டியலிலேயே இதற்கு ஒரு தடயம் உண்டு. அனுப்பிய நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சில நொடிகள் என்றால் போன் சிக்னலில் இருந்திருக்கிறது. பல மணி நேரம் என்றால் போன் அணைந்திருக்கலாம், அல்லது படகு கரைப்பக்கம் வந்த பிறகே செய்தி விழுந்திருக்கலாம். காற்று ஓய்ந்த பிறகு விழுந்த செய்தியையும் வெற்றிக் கணக்கில் சேர்த்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் “பெரும்பாலானவை சரியாகத்தானே போயின” என்று பதில் வரும். செய்தி போய்ச் சேராத அந்தச் சிலர்தான் அன்று கடலில் இருந்தவர்கள்.

குறுஞ்செய்தியால்தான் போகவில்லை என்று எழுதுவது

எச்சரிக்கை நாளில் படகுகள் கரையில் நின்றால் உடனே அதைச் செய்தியின் பலன் என்று எழுதிவிடாதீர்கள். ராமேஸ்வரம் போன்ற இடங்களில் காற்று பலமாக இருந்தால் மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு அனுமதி டோக்கன் தருவதில்லை. டோக்கன் இல்லாமல் நின்ற படகையும் செய்தியைப் படித்து நின்ற படகையும் பிரித்தாக வேண்டும். வலை கிழிந்து நின்றவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். அப்புறம், அன்று கடலுக்குப் போய்விட்டு வந்தவர்களையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

‘விழிப்புணர்வு இல்லை’

இந்தச் சொற்றொடரை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று’ என்று ஒரு பெரிய கடற்பகுதி முழுவதற்கும் ஒரே வரி வருகிறது. தன் ஊருக்கு நேரான கடலில் காற்றே இல்லை என்பதை ஒருவர் பலமுறை பார்த்திருக்கிறார். அடுத்த முறை அவர் நம்பாமல் போவது அனுபவத்திலிருந்து வரும் முடிவு. எந்தெந்த எச்சரிக்கை அவர் கடலில் பலித்தது, எது பலிக்கவில்லை என்று தேதி வாரியாகக் கேட்டால் காரணம் தெளிவாகத் தெரியும்.

போன்களை எண்ணுவது

2004 சுனாமி அன்று புதுச்சேரியின் நல்லவாடு ஊருக்கு எச்சரிக்கை வந்தது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில். சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் வீட்டுக்குப் பேசினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை ஊருக்கே அறிவித்தார்கள். மக்கள் கரையைவிட்டு விலகித் தப்பினார்கள். எத்தனை பேரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்ற அட்டவணையில் இது பிடிபடாது. செய்தி கிடைத்தவர் அடுத்து யாரிடம் சொன்னார், கோயில் அல்லது தேவாலய ஒலிபெருக்கி வரை அது போனதா என்று தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

தடைக்காலத்தில் கள ஆய்வு

வேண்டாம்.

புதிய கருவி வந்ததும் சிக்கல் தீர்ந்தது என்பது

ஒக்கிக்குப் பிறகு, 2019இல் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. ககன் செயற்கைக்கோள் சேவை வழியாக வரும் செய்தியை அது வாங்கி, புளூடூத் மூலம் படகில் உள்ள மொபைலுக்குத் தரும். சிக்னல் இல்லாத இடத்தின் குறை இதில் தீர்கிறது. ஆனால் அது ஒருவழிக் கருவி. எஞ்சின் நின்றுவிட்டது, எங்களைத் தேடுங்கள் என்று படகிலிருந்து அதில் சொல்ல முடியாது. எனவே இதை ஆராய்பவர் செய்தி வந்ததா என்பதோடு, வந்த பிறகு படகுகள் தங்களுக்குள் வி.எச்.எஃப் வானொலியில் என்ன பேசிக்கொண்டன, யார் முதலில் திரும்பினார், யார் தொடர்ந்து வலை போட்டார் என்பதையும் டிரைவர்களிடம் கேட்க வேண்டும்.