பேஸ்64: வால்பக்கம் வந்து ஒட்டிக்கொண்ட Cg==

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு மூட்டை லேபிள் அடிக்கிற ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். ஊர்ப் பெயரை பேஸ்64 ஆக்கி சர்வருக்கு அனுப்பணும். அனுப்பினால், "அப்படி ஒரு ஊர் பட்டியலில் இல்லை" என்றே பதில் வந்தது. இரண்டு நாள் சாயங்காலம் இதிலேயே போச்சுங்க. நான் அடித்த கட்டளை இது:

```
echo 'ஈரோடு' | base64
4K6I4K6w4K+L4K6f4K+BCg==
```

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பேஸ்64 மூன்று மூன்று பைட்டாக எடுக்கும். அந்த 24 பிட்டை ஆறு ஆறாக வெட்டினால் நான்கு துண்டு. ஒவ்வொரு துண்டும் 0 முதல் 63 வரை ஒரு எண், அதற்கு ஒரு எழுத்து: A–Z, a–z, 0–9, +, / என்ற வரிசை. 'ஈ' என்பது யூடிஎஃப்-8இல் E0 AE 88:

```
111000 001010 111010 001000
  56     10     58      8
  4      K      6       I
```

படமோ பிடிஎஃப்போ, எதுவானாலும் இதே வெட்டுதான்.

இனிதான் நான் மாட்டிக்கொண்ட இடம். தமிழ் எழுத்தும் சரி, துணைக்குறியும் சரி, ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். அதனால் இடைவெளி, எண், நிறுத்தற்குறி எதுவும் கலக்காத தமிழ்ச் சொல்லுக்குக் கடைசியில் = வரவே வராது. எனக்கு இரண்டு வந்திருந்தது. அப்படியென்றால் ஒரு பைட் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. அது echo தானாகச் சேர்க்கிற புதுவரிக் குறி, 0A:

```
000010 10(0000)
  C      g       = =
```

எட்டு பிட்டில் ஆறு போக மீதி இரண்டு. நான்கு சுழியம் சேர்த்து ஆறாக்கினால் இரண்டாவது எழுத்து கிடைக்கும். நான்கு இடத்தில் இன்னும் இரண்டு காலி, அதை = நிரப்புகிறது. கடைசியில் இரண்டு பைட் மிஞ்சினால் மூன்று எழுத்தும் ஒரே ஒரு =-உம் வரும்.

தீர்வு:

```
printf '%s' 'ஈரோடு' | base64
4K6I4K6w4K+L4K6f4K+B
```

echo -n போதாதா என்றால், சில ஷெல்லில் -n என்பதையே எழுத்தாக அச்சடித்துவிடும். எனக்கு printf தான் நம்பிக்கை. நீளமான கோப்பு என்றால் லினக்ஸில் -w 0 சேர்த்துக்கொள்ளுங்க, இல்லாவிட்டால் 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை மடித்துவிடும்.

பின்சேர்க்கை: கோபியிலிருந்து ஒருத்தர், இதையே இணைய முகவரியில் வைத்தால் டீகோட் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். மேலே 4K+L என்பதில் + இருக்கு பாருங்க. 'ரோ'வின் துணைக்குறியிலிருந்து வந்தது அது. முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியில் பல சர்வர்கள் + ஐ இடைவெளியாகப் படித்துவிடும். அதற்கென்றே + க்கு -, / க்கு _ போடுகிற வகை ஒன்று ஆர்எஃப்சி 4648இல் இருக்கிறது:

```
printf '%s' 'ஈரோடு' | base64 | tr '+/' '-_'
```

அந்த வகையில் = ஐயும் பலர் வெட்டிவிடுவார்கள். நீளத்தை நான்கால் வகுத்து மீதி 2 என்றால் இரண்டு =, மீதி 3 என்றால் ஒன்று, திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். மீதி 1 வந்தால் ஒட்டிப் பயனில்லை, வழியில் எழுத்து தொலைந்திருக்கிறது. அனுப்பினவரிடமே திரும்பக் கேளுங்க.